முப்பத்துநான்கு பக்கம், ஒரு கையெழுத்து

பைல் அறைக்குள்ளிருந்து விம்மல் சத்தம் கேட்டது. முதலில் மெதுவாக, பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தத்தோடு, கடைசியில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு அழுவதுபோல.

அருந்ததி அக்கா தன் மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கொட்டாஞ்சேனையில், இரும்புக் கடைக்கு மேல் இரண்டாம் மாடியில் இருந்த அந்தக் கப்பல் சரக்குக் கம்பனியில் அவளுக்கு இருபத்தோராவது வருடம். யாருடைய அழுகையையும் அவளால் வெளியே நின்று கேட்க முடியாது. கடதாசிக் கைக்குட்டை இரண்டை எடுத்தாள். ஒன்று அழுகிறவருக்கு, மற்றது தனக்கு.

காதல் தோல்வியாகத்தான் இருக்கும் என்று கதவைத் திறப்பதற்குள் முடிவு செய்துவிட்டாள். பெண்ணை ஏமாற்றியவனின் முகம்கூட அவள் மனதில் வந்துவிட்டது.

உள்ளே, இரும்பு அலுமாரிக்கு முன்னால் ஸ்டூலில் நிம்றா உட்கார்ந்திருந்தாள். இருபத்துநான்கு வயது. கப்பல் ஆவணப் பிரிவுக்குப் புதிதாகத் தெரிவானவள். மடியில் ஒரு தடித்த கட்டு.

"ஆர் பிள்ளை அவன்?" என்று அருந்ததி கேட்டாள்.

நிம்றா கட்டைத் தூக்கிக் காட்டினாள். "இதுதான் அக்கா. முப்பத்துநாலு பக்கம்."

அது கம்பனியின் 'பணியில் இணையும் நடைமுறைகள்'. எழுதியவர் தில்லைநாதன். மனிதவளப் பிரிவைப் பதினெட்டு வருடம் நடத்திவிட்டு எட்டு மாதத்துக்கு முன்னர் ஓய்வு பெற்றவர். அலுவலகத்தில் ஏதாவது ஒரு பிழை நடந்தால் மறுநாள் காலையில் ஒரு பந்தி எழுதிக் கட்டின் கடைசியில் சேர்த்துவிடுவார். கறுப்புக் கண்ணாடியோடு ஒருவர் புகைப்படம் கொடுத்ததால் ஒரு பந்தி. திருமணச் சான்றிதழின் மூலப்பிரதியை ஒருவர் சூடாக்கி பிளாஸ்டிக்குக்குள் ஒட்டிக்கொண்டு வந்ததால் இரண்டு பந்தி. இப்படியே அது முப்பத்துநான்கு பக்கமாக வளர்ந்துவிட்டது.

"ஒன்பதாம் பக்கத்துல, சேர முந்தி பொலிஸ் ரிப்போட் வேணுமாம். இருபத்திரெண்டாம் பக்கத்துல, மூணு மாசத்துக்குள்ள குடுத்தாப் போதுமாம். அடையாள அட்டை கொப்பி ஒரு இடத்துல ரெண்டு, ஒரு இடத்துல மூணு. ரெண்டு கிழமையா நடக்கிறேன் அக்கா. ஒவ்வொரு தரம் வரக்குள்ளயும் இன்னொண்டு இரிக்கி எண்டு சொல்றாங்க." நிம்றா கண்ணைத் துடைத்தாள். "நாளைக்கு நாலு மணியோட பதினாலு நாள் முடியுது. அதுக்குள்ள பைல் முடியலண்டா நியமனக் கடிதம் செல்லாதாம். பாமசி வேலையையும் விட்டுட்டேன். அங்க வேற ஒராள எடுத்தாச்சு."

இரண்டாவது கைக்குட்டையை அருந்ததி பாவித்தாள்.

அவளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பாமன்கடையில் இரண்டறை வீடு. கணவர் ஸ்ரீஸ்கந்தராசா வங்கியில் வேலை பார்த்து ஓய்ந்தவர், வீட்டில் பேசுவதைவிட இருமுவது அதிகம். பிள்ளைகள் இல்லை. அலுவலகத்தில் எல்லோருடைய கோப்புகளும் அவள் பொறுப்பு. பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, மருத்துவர் எழுதிய கடிதம், சம்பளமில்லா லீவுக்குச் சொன்ன காரணம் எல்லாவற்றையும் அவள் வாசித்திருக்கிறாள். சாரதிக்கு எத்தனை சகோதரிகள், காசாளருக்கு எப்போது குடல் ஒப்பரேசன் நடந்தது என்று கேட்டால் கோப்பைப் பார்க்காமல் சொல்வாள், சொல்லும்போதே கண் கலங்கும். பதவி மட்டும் இருபத்தொரு வருடமாக 'உதவியாளர்' தான். அதைப் பற்றி அவள் ஒருநாளும் கதைத்ததில்லை. கதைத்தால் அழுகை வந்துவிடும் என்று பயம்.

நிம்றாவைக் கூட்டிக்கொண்டு அவள் நேரே ஹரிசனின் அறைக்குப் போனாள். தில்லைநாதனின் இடத்துக்கு வந்த புது மனேஜர், முப்பத்திரண்டு வயது.

"தம்பி, இந்தப் பிள்ளை உள்ளுக்கை இருந்து அழுகுது."

"அக்கா, நான்தானே போன கிழமையே சொன்னனான், அந்தக் கட்டை ஒரு செக்லிஸ்ட் ஆக்குங்கோ எண்டு. என்ன ஆவணம், எப்ப, ஆர் கையெழுத்து. அவ்வளவுதான்."

"ஆக்கினனான்." அருந்ததி தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

ஹரிசன் புரட்டினான். பதினொரு பக்கம் இருந்தது. ஆவணம், திகதி, கையெழுத்து என்ற மூன்று பெட்டிகளுக்குப் பக்கத்தில் அவள் நாலாவதாக 'ஏன்' என்று ஒரு பெட்டி போட்டிருந்தாள். அதில்தான் எழுத்து நிரம்பி வழிந்தது.

"விடுவிப்புக் கடிதம்," என்று ஹரிசன் வாசித்தான். "ஏன்? இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் ஒரு தம்பி பழைய வேலையை விடாமலே இங்கே சேர்ந்தார். காலையில் அங்கே, மத்தியானம் இங்கே. பாவம், தாய்க்குச் சுகமில்லை, தங்கைக்குச் சீதனம்..." நிமிர்ந்து பார்த்தான். "அக்கா, இது செக்லிஸ்ட் இல்லை. தொடர்கதை."

"காரணம் தெரியாமல் எப்படித் தம்பி ஆக்கள் பேப்பர் தருவினம்?"

"டொக்டர் மருந்துச் சீட்டிலை காரணம் எழுதிறாரே? நாங்கள் குடிக்கிறம்தானே."

அருந்ததிக்கு அது சுட்டது. ஆனால் நிம்றாவின் வீங்கிய மூக்கைப் பார்த்ததும் ரோசம் போய்விட்டது. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கூட்ட அறைக்குப் போனாள்.

கட்டின் பிரதி ஒன்றைப் பந்தி பந்தியாக வெட்டினாள். ஒருவர் ஏதாவது தரவேண்டும், செய்யவேண்டும், கையெழுத்திட வேண்டும் என்று எங்கே எழுதியிருந்ததோ அதை மட்டும் துண்டாக்கி, மூலையில் பக்க எண்ணைப் போட்டாள். கதைப் பந்திகள் ஒரு பக்கம் குவிந்தன. மின்விசிறியை நிறுத்தியதால் இருவருக்கும் வியர்த்துக் கொட்டியது. மேசை முழுக்க ஐம்பத்தெட்டுத் துண்டுகள்.

"அடையாள அட்டை எண்டு இருக்கிறதெல்லாம் இஞ்சாலை தள்ளு பிள்ளை."

ஐந்து துண்டுகள் சேர்ந்தன. ஆகக் கூடிய எண்ணிக்கை மூன்று பிரதி. அதை ஒரே வரியாக எழுதினாள். இப்படி ஒரே விடயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை ஒன்றாக்கியபோது ஐம்பத்தெட்டு இருபத்தாறாகியது. அதிலும் ஒன்பது, அலுவலகமே செய்யவேண்டியவை: மேசை, கணினிக் கடவுச்சொல், ஊழியர் இலக்கம் போன்றவை. நிம்றா தரவேண்டியவை பதினேழுதான்.

"எந்த நாளிலை இருந்து எண்ணுறது எண்டும் பாக்கவேணும்," என்று அருந்ததி முதல் மூன்று பக்கங்களை எடுத்தாள். அவற்றை அவள் வெட்டவில்லை. சொற்களுக்கு விளக்கம் சொல்லும் பக்கங்கள் அவை. பதினான்கு நாள் என்பது நியமனத்தை ஏற்றுக் கையெழுத்திட்ட நாளிலிருந்து, விடுமுறைகளும் சேர்த்து. மூன்று மாதம் என்பது வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்து. அதன்படி பதினேழில் பதினாறை மூன்றாகப் பிரித்தாள். பதினான்கு நாளுக்குள் ஏழு, முதல் நாளில் மூன்று, மூன்று மாதத்துக்குள் ஆறு.

பதினேழாவதான பொலிஸ் அறிக்கையின் துண்டுகள் இரண்டும் மட்டும் எங்கும் போகாமல் நடுவில் கிடந்தன.

"லேசானத எடுங்க அக்கா," என்றாள் நிம்றா மெதுவாக.

"நானாக எடுக்கேலாது பிள்ளை. ரெண்டு பக்கமும் ரெண்டு விதமாச் சொன்னால் கேட்டுத்தான் எழுதவேணும்." சிவப்புப் பேனையால் கேள்விக்குறி போட்டுக்கொண்டு மெல்ரோயிடம் போனாள்.

மெல்ரோய் உள்ளகக் கணக்காய்வாளர். கொட்டாஞ்சேனைக்காரர். ஊழியர் இலக்கம் கொடுப்பவர் அவர்தான். நியாயமானவர், ஆனால் எழுத்தில் இல்லாத எதையும் நம்பாதவர், வெயில் அடிப்பதைக்கூட. இரண்டு துண்டுகளையும் பார்த்துவிட்டு இரண்டாம் பக்கத்தைக் கேட்டு வாங்கினார்.

"இதோ இருக்கே. முரண்பட்டா கடைசியா சேர்த்ததுதான் செல்லும். ஒன்பதாம் பக்கம் இரண்டாயிரத்து ஒன்பது. இருபத்திரெண்டு, இரண்டாயிரத்து இருபத்தொண்ணு. மூணு மாசம்தான். இப்போதைக்கு விண்ணப்பிச்ச ரசீது போதும்."

ரசீது நிம்றாவின் கைத்தொலைபேசியிலேயே இருந்தது. அச்சிட்டு வைத்தார்கள். ரசீதோடு சேர்த்து நாளைக்குள் வேண்டிய எட்டையும் அருந்ததி ஒவ்வொன்றாக வாசித்தாள். அடையாள அட்டைப் பிரதி. பிறப்புச் சான்றிதழ். பிரதேச செயலாளரின் மேலொப்பத்தோடு கிராம உத்தியோகத்தர் சான்றிதழ். மருத்துவ அறிக்கை. விடுவிப்புக் கடிதம். உறவினரல்லாத இருவரின் நற்சான்று. கல்விச் சான்றிதழ்களின் பிரதி, சமாதான நீதவானின் ஒப்பத்தோடு. பொலிஸ் ரசீது. எட்டும் நிம்றாவின் பையில் இருந்தன. போன செவ்வாய்க்கிழமையிலிருந்தே ஏழு இருந்தன.

"அப்ப நான் என்னத்துக்கு அக்கா அழுதேன்?"

"அழுதது வீண் போகாது. விடு."

ஒரே தாளில் எல்லாம் அடங்கிவிட்டது. கடைசி வரியை எழுதத்தான் அவள் பேனை நின்றது. 'கோப்பு முழுமையானது என்ற சான்று: கையெழுத்து.' துண்டில் பதவி எழுதப்படவில்லை. 'திரு. தில்லைநாதன், அல்லது அவர் எழுத்தில் நியமிப்பவர்' என்று பெயர்தான் இருந்தது. ஹரிசனின் கோப்பில் அவரே கையெழுத்திட்டுவிட்டுப் போனார்; அவர் போன பிறகு கம்பனியில் எவரும் புதிதாகச் சேரவில்லை. ஆகவே யாரும் இதைப் பார்க்கவில்லை.

"நான் வைக்கிறன்," என்றான் ஹரிசன்.

"உங்கட பேர் தில்லைநாதனா சேர்?" என்று மெல்ரோய் கேட்டார். "அவர் இல்லாம கட்டை மாத்தணும்னா இயக்குநர் சபை கூடணும். அது அடுத்த மாசம்."

மறுநாள், வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரைக்குத் தில்லைநாதன் வந்தார்.

அருந்ததி தொலைபேசியில் ஒரு வரி எழுதித் தரும்படிதான் கேட்டிருந்தாள். அவர் வெள்ளவத்தையிலிருந்து முச்சக்கரவண்டி பிடித்து, கழுத்துப்பட்டி கட்டி, தன் மைப்பேனையோடு நேரிலேயே வந்து நின்றார். எட்டு மாதத்தில் மெலிந்திருந்தார். படியேறி வந்த களைப்பிலும் முகத்தில் கல்யாண மாப்பிள்ளையின் பிரகாசம்.

"நான் இல்லாமல் நடக்காது எண்டு எனக்குத் தெரியும்," என்றபடி தன் பழைய கதிரையைத் தேடினார். அதில் ஹரிசன் இருந்தான். எழுந்து கொடுத்தான்.

கூட்ட அறையிலிருந்த துண்டுகளைக் கண்டதும் அந்தப் பிரகாசம் அணைந்தது.

"என்ரை புத்தகத்தை ஆர் இப்பிடிக் கொத்துரொட்டி போட்டது?"

"பிரதிதான் சேர். மூலம் அலுமாரிக்குள்ளை பத்திரமா இருக்கு," என்றாள் அருந்ததி. கண் ஏற்கனவே நிரம்பிவிட்டது.

அவர் ஒற்றைத் தாளை வாங்கி மேலிருந்து கீழே படித்தார். மறுபடியும் படித்தார். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அது வெறுமையாக இருந்தது.

"கறுப்புக் கண்ணாடி எங்கை?"

"புகைப்படம், கண்ணாடி இல்லாமல் எண்டு மூண்டு சொல்லிலை இருக்கு சேர்."

"அவன் ஏன் கண்ணாடி போட்டவன் எண்ட கதை?"

"கதையை என்னட்டைக் கேக்கச் சொல்லிறன்."

தில்லைநாதன் தாளைக் கீழே வைத்தார். மணி மூன்று. ஹரிசன் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினான். "சேர், 'நான் இன்னாரை நியமிக்கிறேன்' எண்டு ஒரு வரி எழுதித் தந்தால் போதும்."

பேனையைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "முப்பத்தோராம் பக்கத்தை எடும்."

மெல்ரோய் ஏற்கனவே எடுத்து வைத்திருந்தார். சொல்ல மனமில்லாமல் காத்திருந்தார் போலும். 'சேவையில் இல்லாத எவரும் உள் ஆவணம் எதிலும் கையெழுத்திடவோ எழுதவோ ஆகாது.'

"ஒருத்தன் தன்ரை மாமனாரைக் கொண்டுவந்து சாட்சிக் கையெழுத்து வைப்பிச்சான். அதுக்காக எழுதினனான்," என்றார் தில்லைநாதன். குரல் இறங்கிவிட்டது. "வெளியாளைத் தடுக்கவேணும் எண்டு எழுதினன். நானும் ஒருநாள் வெளியாள் ஆவன் எண்டு யோசிக்கேல்லை."

 நிம்றா தன் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இந்த இடத்தில் அருந்ததி ஓவென்று அழுவாள் என்று ஹரிசன் எதிர்பார்த்துக் கைக்குட்டைப் பெட்டியைக்கூட நகர்த்திவிட்டான். அவள் அழவில்லை. முதல்நாள் முழுக்கத் துண்டுகளைப் பிரித்ததில், எந்தச் சொல் எந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் வந்திருந்தது.

"சேர், 'எழுத்தில் நியமிப்பவர்' எண்டு எழுதியிருக்கிறியள். வேலையிலை இருந்த காலத்திலை ஒருக்காலும் ஒருத்தரையும் நியமிக்கேல்லையோ? ஒன்பது வருசத்துக்கு முந்திக் கண் ஒப்பரேசனுக்கு நாலு நாள் போனியளே. அப்ப ஆர் கையெழுத்து வைச்சது?"

"ஒருத்தரும் சேரேல்லையே அந்த நாலு நாளும்." தில்லைநாதன் நெற்றியைத் தடவினார். "ஆனால் எழுதினனான். எழுதாமல் போவனே? முதல்நாள் பின்னேரம் எழுதி... ஆரைப் பற்றின கடதாசியோ அவையின்ரை கோப்பிலை போடவேணும். அது என்ரை முறை. அவையின்ரை கோப்பிலை போட்டனான்."

"ஆற்றை கோப்பிலை சேர்?"

அவர் அவளைப் பார்த்தார். "உம்மடை கோப்பிலைதான், வேறை ஆர். சொல்ல மறந்துபோனன். கண் தெரியாமல் போயிடுமோ எண்டு பயத்திலை இருந்தனான்."

அருந்ததி அலுமாரிப் பக்கம் ஒரு அடி வைத்து நின்றாள். இருபத்தொரு வருடமாக எல்லோருடைய கோப்பையும் புரட்டியவள் ஒன்றை மட்டும் தொட்டதில்லை. தன் கோப்பைத் தானே திறக்கக் கூடாது என்பது பதினான்காம் பக்கம். தில்லைநாதன் வைத்த விதிகளில் அவள் ஒருநாளும் மீறாதது அது.

ஹரிசன்தான் எடுத்துவந்தான். விதிப்படி அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"பிறந்த இடம் கோப்பாய்," என்று பின்னாலிருந்து ஹரிசனின் குரல். "அட, அக்கா, உங்களுக்கு இத்தினை வயசே?"

"தம்பி, கடிதத்தைத் தேடுங்கோ."

"இரண்டாயிரத்து ஒன்பது, அரை நாள் லீவு. காரணம்: மனம் சரியில்லை." மெல்ரோய் சிரிப்பை அடக்கும் சத்தம். "இரண்டாயிரத்துப் பதினொன்று, அரை நாள் லீவு. காரணம்: அதே."

"தம்பி, மணி மூண்டரை."

பக்கங்கள் புரளும் சத்தம் நின்றது. பிறகு ஹரிசன் சிரிக்காமல் வாசித்தான். "கோப்பு முழுமைச் சான்றில் கையெழுத்திடுவதற்கு, இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தாளைக்கூடத் தொலைக்காத செல்வி... இல்லை, திருமதி அருந்ததி ஸ்ரீஸ்கந்தராசாவை நியமிக்கிறேன்."

"பன்னிரண்டு வருசம்," என்றாள் அருந்ததி சுவரிடம். "ஒன்பது வருசத்துக்கு முந்தி எனக்குப் பன்னிரண்டு வருசம்தான்."

"என்ரை சேவையையும் சேர்த்து எண்ணிப்போட்டன் போல," என்றார் தில்லைநாதன்.

மெல்ரோய் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துத் திகதியைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார். இருபத்தெட்டாம் பக்கத்தை எடுத்தார். "நியமனம், நியமிக்கப்பட்டவர் சேவையிலிருந்து விலகும்வரை செல்லும். நியமிச்சவர் விலகினா என்னன்னு எழுதல்ல." இரண்டாவது தரமும் படித்தார். "செல்லும்."

"அக்கா, வைங்கோ கெதியா," என்று ஹரிசன் பேனையை நீட்டினான்.

எல்லோருக்கும் 'இங்கே வையுங்கோ, இன்னும் கொஞ்சம் கீழே' என்று விரலால் காட்டியே பழகிய கை. அது பேனையை வாங்கியது, ஆனால் தாளில் இறங்கவில்லை.

"பிள்ளை, பையைத் திற."

"அக்கா, நேத்துத்தானே எல்லாம் பார்த்தீங்க," என்றாள் நிம்றா.

"நேற்றுப் பாத்தது உதவியாளர். இண்டைக்குக் கையெழுத்து வைக்கிறவ பாக்கவேணும்."

எட்டு ஆவணத்தையும் ஒவ்வொன்றாக எடுத்தாள். கிராம உத்தியோகத்தர் சான்றிதழின் மேலொப்பத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். நற்சான்று எழுதிய இருவரின் முகவரியையும் நிம்றாவின் முகவரியோடு ஒப்பிட்டாள். பிறப்புச் சான்றிதழில் தந்தையின் தொழில் 'தையல்' என்று இருந்ததைக் கண்டதும், "வாப்பா இன்னும் தைக்கிறாரோ?" என்று கேட்டாள்.

"கதை பிறகு அக்கா," என்று ஹரிசன் கெஞ்சினான். மெல்ரோய் மணிக்கூட்டைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்த்தார்.

எட்டு வரியிலும் சரி அடையாளம் விழுந்தது. மூன்று ஐம்பத்திரண்டுக்கு அருந்ததி கையெழுத்திட்டாள். கீழே திகதியையும் நேரத்தையும் போட்டாள். அதற்குப் பிறகுதான் அழுதாள், கடதாசி நனையாத தூரத்துக்குத் தள்ளி நின்று. மெல்ரோய் ஊழியர் இலக்கத்தை எழுதி நிம்றாவிடம் கொடுத்தபோது நிம்றாவும் சேர்ந்துகொண்டாள். ஹரிசன் தேத்தண்ணி சொல்லப் போய்விட்டான்.

தில்லைநாதன் ஒற்றைத் தாளின் கடைசி வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதிலை என்ரை பேரை ஏன் எழுதாமல் விட்டனீர்?"

"எழுத மனம் வரேல்லை சேர். எடுக்கவும் மனம் வரேல்லை."

"பேர் போடாதையும்." மைப்பேனையை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "பதவியைப் போடும். ஆள் போகும், கதிரை இருக்கும். இதைச் சபைக்கு எழுதச் சொல்லும் அந்தத் தம்பியிட்டை. நான் எழுதக்கூடாது, முப்பத்தோராம் பக்கம்."

"எழுதுவிக்கிறன். என்ரை பதவியையும் சேர்த்து," என்றாள் அருந்ததி. அதைச் சொல்லியும் தான் அழவில்லை என்று ஒரு நிமிடம் கழித்துத்தான் அவளுக்குப் பட்டது.

தேத்தண்ணி குடித்து முடித்ததும் அவர் எழுந்தார். வாசலில் வருகையாளர் பதிவேடு இருந்தது. வந்தபோது பழைய ஞாபகத்தில் அதைத் தாண்டி நேரே உள்ளே போயிருந்தார். இப்போது நின்று குனிந்து பெயர், வந்த நேரம், போகும் நேரம் மூன்றையும் எழுதினார். 'வந்த காரணம்' என்ற பெட்டியில் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு கோடு இழுத்தார்.

"படி பாத்து இறங்குங்கோ சேர்."

"தெரியும், தெரியும். பதினெட்டு வருசம் இறங்கின படி."

அவர் திருப்பத்தில் மறையும்வரை அருந்ததி நின்றாள். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.